மேல் ஸ்க்ரூ தாங்குமா?

இரவு இரண்டு மணி இருக்கும். நடையில் ஏதோ பெரிதாகச் சரிந்து விழும் சத்தம் கேட்டு எழுந்து போய் விளக்கைப் போட்டேன். சுவரில் நெட்டுக்குத்தலாகத் தொங்கிக்கொண்டிருந்த மகனின் கியர் சைக்கிள், செருப்பு ஸ்டாண்டின் மேல் சாய்ந்து கிடந்தது. பகலில் அந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டுக் குழந்தை உட்கார்ந்து செருப்பு மாட்டும். அதை நினைத்தபோது வயிறு கலங்கிவிட்டது. கொக்கியை மாட்டிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

கொக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இரும்பு வளையவில்லை. ஸ்க்ரூ உடையவில்லை. தகட்டில் இரண்டு ஸ்க்ரூவும் பத்திரமாக இருந்தன. மேல் ஸ்க்ரூவோடு பிளாஸ்டிக் பிளக்கும் உருவிக்கொண்டு வந்திருந்தது. அந்தப் பிளக்கில் ஏறக்குறைய பாதி நீளத்துக்குச் சாம்பல் நிறச் சிமென்ட் பொடி, மீதியில் செங்கல் பொடி. சுவரில் மேல் துளையைச் சுற்றி ஒரு பத்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்திருந்தது. தகட்டின் கீழ் விளிம்பு இருந்த இடத்தில், கத்தியால் அழுத்தினாற்போலச் சுவரில் ஒரு கோடு பதிந்திருந்தது.

என்ன நடந்தது என்பதை அந்தக் கோடும் அந்தத் துளையும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன. சைக்கிளின் பாரம் கொக்கியைக் கீழே இறக்கவில்லை. சுவரிலிருந்து வெளியே பிடுங்கியிருக்கிறது.

சுவரில் அடித்த ஆணியைச் சுத்தியலின் பின்பக்கத்தால் எப்படிப் பிடுங்குவோம்? பிடியைப் பிடித்து அழுத்துகிறோம். சுத்தியலின் தலை சுவரில் ஊன்றிக்கொள்கிறது. ஆணி வெளியே வருகிறது. கொக்கியும் அதே வேலையைத்தான் செய்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி சுத்தியலின் பிடி, தகட்டின் கீழ் விளிம்பு ஊன்றும் இடம், மேல் ஸ்க்ரூதான் பிடுங்கப்படும் ஆணி.

கணக்கு எளிது. மகனின் சைக்கிள் 16 கிலோ. கொக்கியில் சக்கரம் உட்காரும் இடம் சுவரிலிருந்து 18 செ.மீ. தள்ளி இருந்தது. தகடு சின்னது. கீழ் விளிம்பிலிருந்து மேல் ஸ்க்ரூ வரை அளந்தால் ஐந்தரை செ.மீ.தான். 16-ஐ 18-ஆல் பெருக்கி ஐந்தரையால் வகுத்தால் 52 வருகிறது. அதாவது 16 கிலோ சைக்கிள் அந்த ஒற்றை ஸ்க்ரூவை 52 கிலோ விசையோடு வெளியே இழுத்துக்கொண்டிருந்தது, பதினொரு நாளும், தூங்கும் நேரத்திலும். இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. முன்சக்கரத்தை மாட்டித் தொங்கவிட்டால் பின்சக்கரம் சுவரில் சாய்ந்து அழுத்தும். அது அழுத்துகிற அளவுக்குக் கொக்கி இன்னும் கொஞ்சம் வெளியே இழுபடும். அது மூன்று நான்கு கிலோதான். ஆனால் சைக்கிளைத் தூக்கி மாட்டும்போது 'டொக்' என்று விடுகிறோமே, அந்தக் கணத்தில் பாரம் இரண்டு மடங்கு ஆகிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் மெதுவாக மாட்டுவான் என்று எதிர்பார்க்க முடியாது.

கடையில் கொக்கி வாங்கும்போது எல்லோரும் கம்பி எவ்வளவு தடிமன் என்று பார்க்கிறோம். நானும் அதைத்தான் பார்த்தேன். பார்க்க வேண்டியது தகட்டின் உயரம். கம்பி சுவரைவிட்டு எவ்வளவு தூரம் நீள்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு உயரமாவது தகடு இருந்தால் மேல் ஸ்க்ரூவின் மேல் விழும் இழுப்பு சைக்கிளின் எடையை ஒட்டி நிற்கும். சைக்கிளை அதன் நடுத்தண்டில் தாங்கிப் படுக்கைவசமாக வைக்கும் இரட்டைக் கை ஸ்டாண்டுக்கு இது இன்னும் முக்கியம். ஹேண்டில்பாரும் பெடலும் சுவரில் இடிக்காமல் இருக்க அந்தக் கைகள் முப்பது, முப்பத்தைந்து செ.மீ. நீள வேண்டியிருக்கும். நீளம் கூடக்கூட இழுப்பும் கூடும்.

இனி, அந்த இழுப்பைத் தாங்க வேண்டிய சுவர்.

எங்கள் குடியிருப்பில் வேலை பார்க்கும் கொத்தனாரைக் கூப்பிட்டுத் துளையைக் காட்டினேன். விரலைவிட்டுப் பார்த்தவர், "சார், நீங்க சுவத்துல மாட்டல, பூச்சுல மாட்டியிருக்கீங்க" என்றார். உண்மை. என் பிளக் 40 மி.மீ. நீளம். பூச்சே 18 மி.மீ. இருந்தது. செங்கல்லுக்குள் போனது 22 மி.மீ. மட்டும். உள்சுவர்ப் பூச்சு 12 மி.மீ. இருந்தால் போதும் என்பார்கள். ஆனால் செங்கல் கட்டு ஏறுக்குமாறாக இருக்கும் இடத்தில் மட்டம் பார்க்கப் போய் அது 20, 25 கூட ஆகிவிடும். பூச்சு மணலும் சிமென்ட்டும். அழுத்தினால் தாங்கும், இழுத்தால் உதிரும். பிளக் விரிந்து பிடிக்கும் பகுதி முழுவதும் பூச்சைத் தாண்டி உள்ளே இருக்க வேண்டும். எந்த நீளத்தையும் பூச்சுக்குப் பின்னாலிருந்துதான் எண்ண வேண்டும்.

பூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைத் துளை போடும்போது வரும் பொடி சொல்லும். முதலில் 5 மி.மீ. பிட்டால் ஒரு சின்னத் துளை போட்டுப் பாருங்கள், கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு. முதலில் சாம்பல் நிறம் வரும், அது பூச்சு. அடுத்துச் சிவப்பு வந்தால் செங்கல். சாம்பல் நிறமே தொடர்ந்து, மெஷின் முனகி, பிட் நகர மறுத்தால் அது கான்கிரீட் தூண் அல்லது லிண்டல். வெள்ளையாக, மாவு போல உதிர்ந்து, வெண்ணெயில் இறங்குவதுபோல் பிட் இறங்கினால் அது புதிய அடுக்ககங்களில் கட்டும் ஏஏசி பிளாக். கொஞ்சம் எதிர்ப்புக் காட்டிவிட்டுத் திடீரென்று பிட் உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக், உள்ளே வெற்றிடம். சிவப்புப் பொடி வந்துகொண்டிருக்கும்போதே நடுவில் மணலாக மாறி பிட் லேசாகிவிட்டால், இரண்டு செங்கல்லுக்கு இடைப்பட்ட சாந்தில் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். ஒன்றரை அங்குலம் மேலேயோ கீழேயோ நகர்ந்தால் செங்கல்லின் நடுப்பகுதி கிடைக்கும்.

துளை போடும் முன் இன்னொரு கட்டாயம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் சுவருக்குள் ஒயர் குழாய் ஓடும். தண்ணீர்க் குழாய்க்கும் இதே கதைதான், குளியலறையின் மறுபக்கச் சுவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்த வரிசைகளை விட்டு விலகிப் போங்கள். அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வேறு அறையிலிருந்து ஒயர் இழுத்து மெஷினை ஓட்டுங்கள்.

சுவரைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பிளக்கைத் தேர்ந்தெடுக்க முடியும். இரும்பு ஆங்கர் போல்ட்தான் எல்லாவற்றிலும் வலு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது கான்கிரீட்டுக்கான பொருள். முறுக்க முறுக்க விரிந்து பக்கவாட்டில் நெட்டும். கான்கிரீட் அதைத் தாங்கிக்கொண்டு இறுகப் பிடிக்கும், நாட்டுச் செங்கல் பிளந்துவிடும். முறுக்கும்போது இறுகாமல் சுற்றிக்கொண்டே வந்தால் உள்ளே செங்கல் உடைந்துவிட்டது என்று பொருள். செங்கல் சுவருக்கு 10 மி.மீ. தடிமனில் 80 மி.மீ. நீளமுள்ள நைலான் பிளக், அதோடு சேர்ந்தே வரும் அறுகோணத் தலை ஸ்க்ரூ, இதுவே நல்லது. ஏஏசி பிளாக்குக்கென்றே தனியாகப் பிளக் விற்கிறார்கள். அது கிடைக்காவிட்டால், சுவரின் மறுபக்கம் நம் வீடாகவே இருந்தால், சுவரை ஊடுருவிப் போல்ட் போட்டு மறுபக்கம் அகலமான தகடும் நட்டும் வைத்து இறுக்கிவிடலாம். பார்க்க அழகில்லை, ஆனால் அது பிடுங்கிக்கொண்டு வராது. ஹாலோ பிளாக்கில் சாதாரணப் பிளக்கை நம்பவே வேண்டாம்.

என் சுவர் செங்கல்தான். பெரிய பிளக்காக வாங்கி அதே கொக்கியைத் திரும்ப மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கொத்தனார் தடுத்தார். "தகடு சின்னதா இருக்கு சார். ரெண்டு ஓட்டையும் கிட்ட கிட்ட. ஒண்ணு கல்லுல வந்தா ஒண்ணு சாந்துல போகும். ஒரு பலகைய அடிச்சு அதுல மாட்டுங்க."

பலகை என்றதும் எனக்குப் பழைய வீடுகளின் சுவரில் பார்த்த கோட் ஸ்டாண்டு நினைவுக்கு வந்தது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் அந்த மனிதரின் அனுபவம் புரிந்தது. 60 செ.மீ. உயரம், 15 செ.மீ. அகலம், ஒரு அங்குலத் தடிமனில் நன்றாகக் காய்ந்த வேங்கைப் பலகை ஒன்று எடுத்துக்கொண்டேன். அதை நான்கு மூலையிலும் சுவரோடு பிணைத்தால், ஊன்றும் இடம் பலகையின் கீழ் விளிம்புக்குப் போய்விடுகிறது. மேல் ஸ்க்ரூக்கள் அங்கிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருக்கின்றன. இப்போது அதே 16-ஐ 18-ஆல் பெருக்கி 55-ஆல் வகுத்தால் 5 கிலோவும் சொச்சமும். அதையும் மேலே இரண்டு ஸ்க்ரூ பங்குபோட்டுக்கொள்கின்றன. சுவர் சமமாக இல்லாவிட்டால், பலகை லேசாக வளைந்தால், கணக்கு கொஞ்சம் மாறும்தான். இரட்டிப்பானாலும் முன்பிருந்த 52-க்குப் பக்கத்தில்கூட வராது. சைக்கிள் மாறவில்லை, கொக்கி மாறவில்லை, சுவர் மாறவில்லை. ஒரு பலகை மட்டும்தான் நடுவில் வந்தது.

அந்த 52 கிலோ எங்கே போனது என்று கேட்கலாம். அது இப்போதும் கொக்கிக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் கொக்கியைப் பலகையில் வெறும் ஸ்க்ரூவால் மாட்டாமல், பலகையின் பின்பக்கத்திலிருந்து 8 மி.மீ. போல்ட்டை ஊடுருவவிட்டு, முன்பக்கம் தகட்டின் மேல் நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். போல்ட்டின் தலையும் வாஷரும் பின்னால் புடைத்துக்கொண்டு நிற்காதபடி அவை உட்காரும் அளவுக்கு மரத்தைக் குடைந்துவிட வேண்டும். இல்லையென்றால் பலகை சுவரோடு ஒட்டாது. ஊடுருவிய போல்ட்டுக்கும் வாஷருக்கும் 52 கிலோ ஒரு பொருட்டே இல்லை.

பலகையில் இன்னொரு வசதி. கொக்கி எங்கே வர வேண்டும் என்பதையும் துளை எங்கே வர வேண்டும் என்பதையும் தனித்தனியாக முடிவு செய்யலாம். சின்னத் துளையால் சோதித்துச் செங்கல்லின் நடுப்பகுதியைக் கண்டுபிடித்து, அந்த இடங்களுக்கு ஏற்பப் பலகையில் துளை போட்டுக்கொள்ளலாம். கொக்கியின் உயரத்துக்கு ஒரு எளிய வழி. சைக்கிளைச் சுவரோரம் பின்சக்கரத்தில் நிமிர்த்தி நிறுத்தி, முன்சக்கரத்தின் விளிம்பு தொடும் இடத்தைக் குறித்து, அதற்கு மேல் ஒரு சாண் ஏற்றி வையுங்கள். பின்சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பி நிற்கும், அடியில் பெருக்கவும் முடியும். அதைவிட உயரம் போனால் தூக்க முடியாமல் எறிந்து மாட்டத் தோன்றும்.

செங்கல்லில் துளை போடும்போது மெஷினின் சுத்தியல் ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சாதாரணச் சுற்றில் மெதுவாகப் போடுங்கள். சுத்தியல் ஓட்டத்தில் போட்டால் துளை வட்டமாக வராது, உள்ளே கல் சிதறி அகன்றுவிடும். கான்கிரீட்டுக்கு மட்டும்தான் அது தேவை. பலகையின் தடிமன், பூச்சு, செங்கல்லுக்குள் 45 மி.மீ., அதற்குமேல் ஒரு செ.மீ. கூடுதல், இதைக் கணக்கிட்டுப் பிட்டில் ஒட்டுத்தாளால் ஒரு அடையாளம் வைத்துக்கொண்டால் ஆழம் தவறாது. என் அளவுக்கு 80 மி.மீ. பிளக் பத்தவில்லை. 25 பலகைக்கு, 18 பூச்சுக்குப் போனால் மிச்சம் 37தான். 100 மி.மீ. பிளக் வாங்க வேண்டி வந்தது. கடைக்குப் போகும் முன் இந்தக் கூட்டலைப் போட்டுவிட்டுப் போவது நல்லது.

துளை போட்ட பிறகு எல்லோரும் விட்டுவிடும் ஒரு வேலை இருக்கிறது. துளைக்குள் தங்கிய பொடியை எடுப்பது. அந்தப் பொடி பிளக்குக்கும் செங்கல்லுக்கும் நடுவில் பவுடர் பூசினாற்போல நின்று பிளக்கை வழுக்கிக்கொண்டு வரவிடும். வாயால் ஊதினால் கண்ணில்தான் விழும். சைக்கிள் வீட்டில் பம்பு இல்லாமலா போகும்? பம்பின் முனையில் ஒரு பழைய பேனா ரீஃபில் குழாயைச் செருகி, துளையின் அடிவரை விட்டு நான்கு முறை அடித்தேன். சிவப்புப் புகைபோலப் பொடி வெளியே வந்தது. ஐந்தாவது முறை ஒன்றும் வரவில்லை. பிறகு பிளக்கைச் செருகினால் கையால் பாதி போய், மீதிக்குச் சுத்தியலின் லேசான தட்டு கேட்க வேண்டும். கையாலேயே முழுவதும் உள்ளே போய்விட்டால் துளை பெரிது. அந்தத் துளையில் தீக்குச்சியும் காகிதமும் திணிப்பதைவிட, அதை அடைத்துவிட்டு வேறிடம் பார்ப்பதே மேல். ஸ்க்ரூவைக் கடைசிச் சுற்றுகளில் பலம் கொடுத்துத்தான் திருப்ப வேண்டியிருக்கும். அந்தக் கனம்தான் பிடிமானம். கனமே தெரியாமல் சுழன்றால் அது பிடிக்கவில்லை.

மாட்டியதும் சைக்கிளைத் தொங்கவிட்டுவிடவில்லை. எங்கள் வீட்டில் வாங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று நிரம்பினால் 21 கிலோ வரும். ஒரு முழு கேனையும் பாதி நிரம்பிய இன்னொரு கேனையும் சேர்த்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் 32 கிலோ, சைக்கிளின் எடையைப்போல் இரண்டு மடங்கு. கொக்கியின் பெட்டியில் 40 கிலோ என்று போட்டிருந்ததால் அதன் வரம்புக்குள்தான். கேன்கள் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் தொங்கும்படி கட்டி, அடியில் பழைய மெத்தையைப் போட்டேன். பிடுங்கிக்கொண்டாலும் சேதம் இல்லை. பலகையின் மேல் விளிம்பைச் சுற்றிச் சுவரில் மெல்லிய பென்சில் கோடு போட்டு, பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தபால் அட்டையின் விளிம்பைச் செருகிப் பார்த்தேன், போகவில்லை. மறுநாள் இதே நேரம் திரும்பப் பார்த்தேன். கோடு நகரவில்லை, அட்டை போகவில்லை. அதன் பிறகுதான் சைக்கிள் ஏறியது.

சுவரில் இடம் இல்லாதவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். கூரையில் கணக்கு வேறு. அங்கே நெம்புகோல் கிடையாது. இரண்டு கொக்கிகளில் சக்கரங்களை மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஆளுக்கு 8 கிலோ, நேராகக் கீழ்நோக்கி. எண்ணிக்கை சிறிது. ஆனால் அந்த இழுப்பு முழுவதும் பிளக்கை உருவும் திசையிலேயே, இரவும் பகலும் இருக்கிறது. பிளாஸ்டிக் இப்படி இடைவிடாமல் இழுபட்டால் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல நெகிழும். அதோடு, விழுந்தால் தலையில் விழும். ஆகவே கான்கிரீட் கூரையில் இரும்பு ஆங்கர்தான், அதுவும் கான்கிரீட்டுக்குள் குறைந்தது 50 மி.மீ. போகும்படி. துளை போடும்போது பிட் சட்டென்று நின்று பளபளப்பான இரும்புத் துகள் வந்தால் கம்பியில் பட்டிருக்கிறீர்கள். அதை வெட்டிக்கொண்டு போகாமல் நாலு செ.மீ. தள்ளிப் போடுங்கள். கடற்கரைப் பக்கத்துப் பழைய கட்டடம் என்றால் முதலில் கூரையைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் சட்டியைத் தட்டினாற்போல் கேட்டால், உள்ளே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் விட்டுப்போயிருக்கிறது. அந்த இடத்தில் எதையும் தொங்கவிடக் கூடாது. ஜிப்சம் போட்ட பொய்க்கூரை ஒரு விளக்குக்கு மேல் எதையும் தாங்காது. ஊஞ்சலுக்கென்று கான்கிரீட் போடும்போதே கம்பிகளுக்கு மேல் வளைத்துவிட்ட கொக்கி உங்கள் வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் உத்திரத்தின் மேல் குறுக்காக அடுக்கிய தேக்குக் கட்டைகள் தெரியும். அவற்றில் மரை போட்ட கொக்கியை நேராகத் திருகலாம். கட்டைக்குக் கட்டை நடுவே இருக்கும் செங்கல்லில் திருகக் கூடாது. கொக்கியின் மரையை உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு தண்டும் அதைச் சுற்றிப் புரியும் தெரியும். அந்தத் தண்டின் கனத்துக்குத் துளை போட வேண்டும். துளை சிறுத்தால் காய்ந்த தேக்கு வெடிக்கும், பெருத்தால் புரிக்குக் கடிக்க மரம் இருக்காது. மரையில் கொஞ்சம் சோப்பைத் தேய்த்துவிட்டால் திருகுவது எளிது. கட்டையின் முனைகள் சுவருக்குள் ஈரத்தில் இருக்கும், முதலில் உளுத்துப்போவது அங்கேதான். ஒரு குத்தூசியால் அழுத்திப் பாருங்கள், கால் அங்குலம் எதிர்ப்பில்லாமல் இறங்கினால் அந்தக் கட்டை வேண்டாம்.

டொரன்டோவில் இருக்கும் என் அக்கா வீட்டு கராஜிலும் கூரைக்குள் மரக்கட்டைகள்தான். ஆனால் அரை அங்குல ஜிப்சம் பலகை அவற்றை மூடியிருக்கிறது. கட்டையின் அகலம் 38 மி.மீ., ஒன்றின் நடுவுக்கும் அடுத்ததன் நடுவுக்கும் 16 அங்குலம். மருமகன் ஒரு சின்னக் காந்தத்தைக் கூரையில் நகர்த்தி, ஜிப்சத்தைக் கட்டையோடு பிணைத்த ஸ்க்ரூக்களைக் கண்டுபிடித்தான். பிறகு மெல்லிய ஆணியால் இரண்டு பக்கமும் குத்திப் பார்த்துக் கட்டையின் இரு விளிம்புகளையும் குறித்து, நடுவைக் கண்டான். 38 மி.மீ. அகலத்தில் 10 மி.மீ. கொக்கி ஓரமாகப் போனால் கட்டை பிளந்துவிடும். இரண்டு சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் 16 அங்குலக் கணக்கோடு ஒத்துவரவில்லை என்று தொலைபேசியில் கேட்டான். நான் கொத்தனார் சொன்னதையே சொன்னேன். நான்கு கட்டைகளையும் தொட்டுக்கொண்டு போகும்படி ஒரு நீளப் பலகையைக் குறுக்காக வைத்து, ஒவ்வொரு கட்டையிலும் நீள ஸ்க்ரூவால் பிணைத்து, கொக்கியைப் பலகையில் வேண்டிய இடத்தில் மாட்டிக்கொண்டான்.

இங்கே எங்கள் நடையில் சைக்கிள் ஏறி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. மாதம் ஒருமுறை, சங்கிலிக்கு எண்ணெய் விடும் நாளில், மகன் அந்தத் தபால் அட்டையை எடுத்துப் பலகையின் மேல் விளிம்பில் செருகிப் பார்க்கிறான்.